வெளிநாடு போறவங்களுக்கு கோச்சிங் ஆரம்பிக்கப் போறீங்களா? முதல்ல போர்டைச் சின்னதாக்குங்க

வேலைக்குப் போய்க்கிட்டே சைடுல ஒரு கோச்சிங் ஆரம்பிக்கலாமான்னு கேட்கிறவங்க நிறைய. அதுல வெளிநாட்டு வேலைக்குத் தயார் பண்ற கோச்சிங்தான் இப்போ அதிகம். எல்லாரும் செய்யற ஒரு தப்பை என் கிளையண்ட் ஒருத்தங்க கணக்கை வச்சே சொல்றேன்.

கும்பகோணத்துல தனியார் மருத்துவமனை ஒண்ணுல ஸ்டாஃப் நர்ஸ். ஓஇடி தேர்வை அவங்களே எழுதிப் பாஸ் பண்ணவங்க, குடும்பச் சூழ்நிலையால வெளிநாடு போகல. முதல்ல அவங்க போட்ட விளம்பரம்: "ஐஇஎல்டிஎஸ், ஓஇடி, ஜெர்மன், இன்டர்வியூ, விசா கைடன்ஸ், எல்லா நாடுகளுக்கும்." மூணு மாசத்துல சேர்ந்தது நாலு பேர், தலைக்கு 6,000 ரூபாய். போன் பண்ணவங்க கேட்ட முதல் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு? சென்னையில இதைவிடக் கம்மியா சொல்றாங்களே?"

அந்தக் கேள்வி வந்தாலே புரிஞ்சுக்கணும். உங்க போர்டுக்கும் பெரிய இன்ஸ்டிட்யூட் போர்டுக்கும் வித்தியாசம் தெரியாததால, ஒப்பிட விலை மட்டும்தான் மிச்சம்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "உங்களுக்குத் தெரிஞ்சு, பெரிய இன்ஸ்டிட்யூட் செய்யாத வேலை என்ன?" பதில் உடனே வந்தது: லெட்டர் திருத்தறது. பிரிட்டன்ல நர்ஸா பதிவு செய்ய, ஓஇடியில லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 350 மார்க், ரைட்டிங்ல 300 வேணும். ரைட்டிங்னா ஒரு நோயாளியோட கேஸ் நோட்ஸைப் படிச்சு, இன்னொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ லெட்டர் எழுதணும். படிக்க 5 நிமிஷம், எழுத 40 நிமிஷம். நம்மாளுங்க பெரும்பாலும் தடுமாறுறது கிராமர்ல இல்ல. நோட்ஸ்ல இருக்கிற எல்லாத்தையும் லெட்டர்ல கொட்டிடறாங்க. வாங்கிப் படிக்கிறவருக்கு எது தேவை, எது தேவையில்லைன்னு பிரிக்கிறதுதான் கஷ்டம். அதை வார்டுல வேலை பார்த்த ஒருத்தர்தான் சரியா சொல்லித் தர முடியும்.

அதனால விளம்பரம் இப்படி மாறுச்சு: "ஷிஃப்ட் டூட்டி பார்க்கிற நர்ஸுகளுக்கு மட்டும். ஓஇடி ரைட்டிங், ஸ்பீக்கிங். 8 வாரம், 8 பேர். உங்க 16 லெட்டரும் 48 மணி நேரத்துல திருத்தித் தரப்படும்." ஃபீஸ் 12,000. பாஸ் கேரண்டின்னு எழுத நான் விடல. மார்க் அவங்க கையில இல்ல, திருத்தற வேலை அவங்க கையில இருக்கு.

இப்போ நேரக் கணக்கு. 8 பேருக்கு 128 லெட்டர், ஒண்ணுக்கு 20 நிமிஷம்னா கிட்டத்தட்ட 43 மணி நேரம். ஆளுக்கு 8 ஸ்பீக்கிங் ரோல்ப்ளே, அதுவும் 20 நிமிஷம்னா 21 மணி நேரம். ஒன்றரை மணி நேர வகுப்பு 16, அது 24. மொத்தம் 88 மணி நேரம். வருமானம் 96,000, விளம்பரம், வீடியோ கால் சந்தா எல்லாம் சேர்த்து செலவு 8,000. மிச்சம் 88,000. மணிக்கு 1,000 ரூபாய்.

"20 பேர் சேர்த்தா இன்னும் வருமே?" வரும். ஆனா லெட்டர் மட்டுமே 107 மணி நேரம் ஆகும். நைட் டூட்டியோட அது முடியாது. 48 மணி நேர வாக்கு உடைஞ்சா, மறுபடியும் பழைய போர்டுதான். ரெண்டாவது பேட்ச்ல வந்த முதல் கேள்வியே மாறிடுச்சு: "நைட் டூட்டி வாரத்துல வகுப்பை எப்படி ஈடு கட்டுவீங்க?"

அப்புறம் ஒரு ஏஜென்ட் வந்தார். "உங்க ஸ்டூடண்ட்ஸை என்கிட்ட அனுப்புங்க, தலைக்கு 25,000." ரெண்டு பேரை அனுப்பினாலே பேட்ச் வருமானத்துல பாதி. ஆசையாதான் இருந்தது அவங்களுக்கு. நான் வேண்டாம்னேன். 1983 எமிக்ரேஷன் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாம வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தா சிறைத் தண்டனை வரை போகும். "வேலை வாங்கித் தர்றோம்"னு விளம்பரம் பண்றதே ஆள் சேர்க்கிறதுல வந்துடும். இதுல இன்னொரு விஷயம்: பிரிட்டனோட நெறிமுறைப்படி, வேலை தேடி வர்ற நர்ஸ்கிட்ட ஆள் சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது. அப்படின்னா அந்த 25,000 யார் பாக்கெட்ல இருந்து வரும்? ஸ்டூடண்ட்ஸ் ஏஜென்ட் பத்திக் கேட்டா, emigrate.gov.in தளத்துல பதிவு செஞ்சவங்க பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்க. அதோட நிறுத்திக்கோங்க.

வரி விஷயம் சுருக்கமா. இந்த வருமானம் பிசினஸ் வருமானம், அதனால சம்பளத்துக்குப் போடுற ஐடிஆர்-1 செல்லாது. ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டுல வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாதான். ரொம்ப முக்கியம், உங்க அப்பாயிண்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வெளி வேலை பார்க்க அனுமதி வேணுமான்னு படிங்க. இவங்க எழுத்துல அனுமதி வாங்கின பிறகுதான் மூணாவது பேட்ச்சுக்கு விளம்பரம் போட்டாங்க.