கட்டண அட்டவணையை எப்படிப் படிப்பது?

தனியார் பள்ளியின் சேர்க்கை அறிவிப்பில் கட்டண அட்டவணையைத்தான் முதலில் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'பருவக் கட்டணம் ரூ.12,000' என்று இருந்தால், மூன்று பருவத்துக்கு ரூ.36,000 ஆகிறது. புத்தகம், சீருடை, வேன் கட்டணங்கள் அதில் அடங்குமா என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது.

தகுதிப் பகுதியில் வயதை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் தேதியில் அந்த வயது நிரம்ப வேண்டும் என்பதே முக்கியம். ஒன்றாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு என்றிருந்தால், கல்வி உரிமைச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பணம் கட்டும் முன் ரசீது எந்தத் தலைப்பில் தருவார்கள் என்று கேளுங்கள்.