ஈசாக்கின் தந்தையும் மணமுடித்தார்



இளைப்பாறிய அதிபர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் குருமனைக்கு வந்தார். வயது அறுபத்தேழு. மனைவி புற்றுநோயால் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த மகன் கனடாவில், அடுத்த மகள் லண்டனில், இளையவள் திருமணமாகிக் கொழும்பில். நெடுநேரம் வேறு கதைகளைப் பேசிவிட்டு, எழுந்து புறப்படும் வேளையில், வாசற்படியில் நின்றுகொண்டே, "பாதர், என் வயதில் ஒருவர் கலியாணம் செய்யத் திருச்சபை சம்மதிக்குமா?" என்று கேட்டார். அவரை மீண்டும் உள்ளே அழைத்து அமரச் செய்தேன். இக்கதையை அவர்களின் அனுமதியோடும், ஆட்கள் அடையாளம் காணப்படாதவாறு சிலவற்றை மாற்றியும் இங்கு தருகின்றேன்.

அவர் மனம் நாடியவர் அறுபத்தொரு வயதுடைய ஒரு கைம்பெண், இளைப்பாறிய தாதி. மடு ஆவணித் திருவிழாவுக்குச் சென்ற பேருந்தில் அடுத்தடுத்த ஆசனங்களில் இருந்தபோது ஏற்பட்ட அறிமுகம். பின்னர் நாள்தோறும் மாலைச் செபமாலை முடிந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு. "அந்த அழைப்புக்காகவே இப்போது முகச்சவரம் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டார். அறுபத்தேழு வயதிலும் மனிதன் அப்படி வெட்கப்படுவான் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

அவருடைய கேள்விக்குத் திருச்சபையின் பதில் மிகத் தெளிவானது. கணவன் அல்லது மனைவியின் மரணத்தோடு திருமணப் பிணைப்பு முடிவடைகிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்திலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தின் இறுதியிலும் பவுலடியார் இதைச் சொல்கிறார். தனித்து வாழ்வதே மேல் என்பது அவருடைய சொந்தக் கருத்து. ஆயினும் மறுமணத்தை அவர் தடுக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருமணத்துக்கு மேல்வயது எல்லை எதையும் வைக்கவில்லை. துணையை இழந்தவர் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கவில்லை. பிள்ளைப்பேறு இயலாமை திருமணத்தைத் தடை செய்யாது என்று 1084ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. திருமணச் சடங்கில் பிள்ளைகளை ஏற்று வளர்ப்பீர்களா என்று குரு கேட்கும் கேள்வியை முதியவர்களுக்கு விட்டுவிடலாம் என்ற குறிப்பு சடங்கு நூலிலேயே உள்ளது. முதியோர் இப்பீடத்தின் முன் வந்து நிற்பார்கள் என்பதைத் திருச்சபை எதிர்பார்த்தே இருக்கிறது.

பிள்ளைகளின் சம்மதம் சட்டப்படி தேவையா? தேவையில்லை. மணமக்கள் இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அதை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது. தேவையானவை இறந்தவரின் மரணச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ் முதலியனவே. ஒன்றை மட்டும் இங்கு சொல்லியாக வேண்டும். போரில் காணாமற்போன கணவரின் மனைவியர் நம்மிடையே பலர் உள்ளனர். எத்தனை ஆண்டுகள் கடந்தாலும், அந்த ஆண்டுகள் மட்டுமே அவர்களை விடுதலையாக்குவதில்லை. கணவர் இறந்திருக்க வேண்டும் என்பதை விசாரித்து, ஆயர் அறிவித்த பின்னரே அவர்கள் மணமுடிக்கலாம். அந்த வேதனை தனியாக எழுதப்பட வேண்டியது.

சட்டம் தேவையில்லை என்றதோடு குடும்பம் முடிந்துவிடுவதில்லை. அதிபர் பிள்ளைகளிடம் சொன்ன அன்றிரவே மூன்று நாடுகளிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வந்தது. மூத்த மகன் வீட்டைப் பற்றிக் கேட்டார். லண்டன் மகள், ஊரார் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு ஓர் உதவியாளைச் சம்பளத்துக்கு வைப்போம் என்றும் சொன்னார். இளையவள் எதுவும் கேட்கவில்லை. "அம்மாவின்ர கட்டில்ல வேறொரு ஆள் படுக்கிறதை என்னால பாக்க ஏலாது, பாதர்" என்று அழுதாள்.

இம்மூன்றில் ஊரார் பேச்சு விரைவில் ஓயும் என்பது என் அனுபவம். மற்ற இரண்டும் அப்படியல்ல. அவற்றுக்கு விடை தேடியபோது எனக்குத் தொடக்கநூலே துணைக்கு வந்தது.

இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் சாரா இறக்கிறார். மக்பேலா குகையில் ஆபிரகாம் அவரை அடக்கம் செய்கிறார். இருபத்துநான்காம் அதிகாரம் ஈசாக்கின் திருமணம். அதன் கடைசி வரியைக் கவனியுங்கள்: ஈசாக்கு தன் மனைவி ரெபேக்காவைத் தன் தாய் சாராவின் கூடாரத்துக்கு அழைத்துச் செல்கிறார்; தாயை இழந்த துயரத்தில் ஆறுதல் அடைகிறார். அதற்கு அடுத்த வரி, அதாவது இருபத்தைந்தாம் அதிகாரத்தின் தொடக்கம், ஆபிரகாம் கெற்றூராவை மணந்ததைச் சொல்கிறது. சாராவின் கூடாரம் ரெபேக்காவுக்குப் போயிற்று. கெற்றூரா அதில் குடியேறினார் என்று நூல் எங்கும் சொல்லவில்லை. இதை இளைய மகளுக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்போ அம்மாவின் அறை எங்களுக்கா?" என்று கேட்டாள். அவளுடைய துயரம் தந்தையின் திருமணத்தைப் பற்றியதைவிட அந்த அறையைப் பற்றியதாகவே இருந்தது.

சதுசேயர் இயேசுவிடம், ஏழு பேரை மணந்த பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவி என்று கேட்டதும் இதே கவலையைத் தொடும் கேள்விதான். அவர்கள் அதை ஏளனமாகக் கேட்டார்கள், பிள்ளைகள் கண்ணீரோடு கேட்கிறார்கள். அங்கே மணமுடிப்பதும் இல்லை, மணமுடித்துக் கொடுப்பதும் இல்லை என்பது ஆண்டவரின் மறுமொழி. தந்தை மறுமணம் செய்வதால் விண்ணகத்தில் தாய் எதையும் இழப்பதில்லை.

இனி வீட்டு விடயம். தொடக்கநூல் அதே அதிகாரத்தில் ஆபிரகாம் தம் உடைமைகளை ஈசாக்குக்குக் கொடுத்ததையும், மற்றப் பிள்ளைகளுக்குத் தாம் உயிரோடிருக்கும்போதே கொடைகள் வழங்கியதையும் சொல்கிறது. அவர்களைக் கிழக்கே அனுப்பிவிட்டதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் உயிரோடிருக்கும்போதே பங்கிட்டது நல்ல முன்மாதிரி. ஆகவே அதிபரையும் அம்மையாரையும் ஒரு நொத்தாரிசிடம் அனுப்பினேன்.

அங்கே தெரிய வந்தது யாரும் எதிர்பாராதது. பிள்ளைகள் பறிபோய்விடும் என்று அஞ்சிய வீடு, அவர்களின் தாய்க்குச் சீதன உறுதியில் எழுதப்பட்டது. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி, தாயின் சீதனச் சொத்து அவர் இறந்ததும் பிள்ளைகளுக்கே உரிமையாகிறது. ஐந்து ஆண்டுகளாக அந்த வீடு அவர்களுடையதாகவே இருந்திருக்கிறது. தந்தைதான் பிள்ளைகளின் வீட்டில் குடியிருந்திருக்கிறார்! வடமாகாணத்துக்கு வெளியே, மட்டக்களப்பிலோ கொழும்பிலோ நிலைமை வேறு. அங்கே 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, விருப்பாவணம் எழுதாமல் இறப்பவரின் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்குச் சேரும். எனவே பிள்ளைகளின் அச்சத்தைப் பேராசை என்று எடுத்தெறிந்து பேசாதீர்கள். உறுதியை எடுத்து மேசையில் வையுங்கள்.

நொத்தாரிசு இன்னொன்றையும் சொன்னார். அதிபர் சில ஆண்டுகளுக்கு முன் தம் வைப்புப் பணத்தை மூன்று பிள்ளைகளுக்கும் எழுதி ஒரு விருப்பாவணம் முடித்திருந்தார். நம் நாட்டுச் சட்டத்தில், எழுதியவர் அதன்பின் மணமுடித்தால் அந்த விருப்பாவணம் தானாகவே இரத்தாகிவிடும். இதை அறியாமல், "அப்பா முன்பே எழுதி வைத்துவிட்டார்" என்று நிம்மதியாயிருந்து, பின்னர் நீதிமன்றத்தில் சந்திக்கும் குடும்பங்கள் உண்டு. அதிபர் திருமணம் முடிந்த மறுவாரம் நொத்தாரிசுக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்பாகப் புதியதை எழுதினார். பணத்தில் ஒரு பங்கை மனைவிக்கும் மீதியைப் பிள்ளைகளுக்கும் வைத்தார். அவர் எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டினார்.

அம்மையாருக்கும் ஒரே மகன். அவருடைய எதிர்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனெனில் அவர் பேசவேயில்லை. தாயோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அம்மையார் தம் சீதன வீட்டைத் திருமணத்துக்கு முன்பே மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதி, தம் சீவியவுருத்தை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டார். இருவரும் வாழ்வது அந்த வீட்டில். அதிபரின் பழைய வீட்டில், அந்த அறையும் கட்டிலும் இருந்தபடியே இருக்கின்றன. அம்மையார் முந்தி இறந்தால் அதிபருக்கு அங்கே தங்க உரிமை இல்லையே என்ற கேள்வியை எழுப்பியவர் மூத்த மகன்தான். அப்படியானால் அப்பா எங்கள் வீட்டுக்கே திரும்ப வரவேண்டும் என்று மூன்று பிள்ளைகளும் கையொப்பமிட்டார்கள். வீட்டைப் பற்றி முதலில் சண்டையிட்டவரும் அவரே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இறந்த கணவரின் பெயரில் ஓய்வூதியம் பெறும் பெண், திருமணத் திகதியைக் குறிக்கும் முன் பிரதேச செயலகத்தில் தன் கோப்பைக் காட்டி விளக்கம் பெறவேண்டும். அந்தப் பணத்தைக் காப்பதற்காகத் திருமணமின்றிச் சேர்ந்து வாழலாம் என்று சில பிள்ளைகளே யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெற்றோரை நற்கருணையிலிருந்து விலக்கி வைக்கும் அந்தச் சிக்கனத்துக்கு நான் உடன்பட முடியாது.

திருமண விசாரணையில் இருவரையும் தனித்தனியே ஒரு கேள்வி கேட்டேன்: மற்றவர் நாளை பாரிசவாதத்தில் படுத்துவிட்டால்? இதை ஏன் கேட்கிறேன் என்றால், மனைவியை இழந்த ஆண்களில் சிலர் தேடுவது துணைவியை அல்ல; சமையலுக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பதற்கும் ஓர் ஆளை. அது அவர்களுக்கே தெரியாது. பிள்ளைகளும் சில வேளைகளில் அதற்காகவே சம்மதிக்கிறார்கள். அப்படிப்பட்டவர் இக்கேள்விக்கு, "அவ பார்ப்பா" என்று தன்னைப் பற்றியே மறுமொழி சொல்வார். அதிபர் சொன்னது: "அவ தாதி, எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கஞ்சி காய்ச்சப் பழகிவிட்டேன்." அம்மையார் சொன்னது: "முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் நான், பாதர். இந்த மனிதரிடம் நான் நோயாளியைத் தேடி வரவில்லை. பின்னேரத்தில் ஒருவரோடு கதைக்க வேண்டும் போலிருக்கிறது." நான் திகதி குறித்தேன்.

திருமணம் ஒரு வார நாட்காலைத் திருப்பலியில் நடைபெற்றது. கொழும்பு மகள் வந்திருந்தாள். லண்டன் மகள் வரவில்லை, இன்றுவரை வாழ்த்தும் அனுப்பவில்லை. அம்மையாரின் மகன் ஆலயத்தின் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர் முடியுமுன் எழுந்து போனார்.

ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மயேலும் சேர்ந்து அவரை மக்பேலா குகையில், சாராவின் அருகில் அடக்கம் செய்தார்கள் என்று தொடக்கநூல் கூறுகிறது. கெற்றூரா அதற்கு மறுப்புச் சொன்னதாக எதுவும் இல்லை. அதிபரின் கல்லறையிடமும் முதல் மனைவியின் அருகிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அம்மையாருக்குத் தம் கணவரின் அருகில். சென்ற கார்த்திகை இரண்டாம் நாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளன்று, இருவரும் ஒரே முச்சக்கர வண்டியில் இரண்டு சேமக்காலைகளுக்கும் போனார்கள். முதலாவதில் அதிபர் பூவைக்க, அம்மையார் மெழுகுவர்த்தி ஏற்றினார். இரண்டாவதில் அம்மையாரின் மகன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டேயிருந்தது. அதிபர் தம் கையை மறைப்பாகப் பிடித்தார்; மகன் மெழுகுவர்த்தியை ஏற்றினார்.