நெற்றியும் நாடியும்: போலி முகத்தின் எல்லை எங்கே?

2022ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் திகதி, உக்ரேன் ஜனாதிபதி செலென்ஸ்கி தமது படையினரை ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு கோருவதாகக் காட்டும் காணொளி ஒன்று வெளியாகியது. அது போலி என்பதை உலகம் அன்றைய தினமே கண்டுகொண்டது. கண்களோ மூக்கோ அதனைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலை உடலுக்கு ஒவ்வாத அளவில் பெரிதாக இருந்தது. கழுத்துடன் அது இசையவில்லை. அதாவது, முகத்தின் நடுப்பகுதியைப் பார்த்தவர்களை விட அதன் ஓரங்களைப் பார்த்தவர்களே உண்மையை முதலில் கண்டனர்.

ஒருவருடைய முகத்தை இன்னொருவருடைய உடலில் பொருத்தும் இத்தொழிலில், முகம் என்பதன் எல்லையை எங்கே வரைவது என்பதே முதலாவது முடிவாகும். புருவத்திலிருந்து வாய்வரையிலான இறுக்கமான பகுதியை மட்டும் எடுப்பதா, அன்றி நெற்றியையும் நாடியையும் சேர்த்து விரிந்த பகுதியை எடுப்பதா? பார்ப்பவர் 'இவர் அவர்தான்' என்று நம்புவதும் நம்பாததும் பெரும்பாலும் இந்த முடிவிலேயே தங்கியுள்ளது. தேர்தல் காலங்களிலும் கலவர வதந்திகளின் போதும் கையடக்கத் தொலைபேசிக்கு வந்துசேரும் காணொளிகளை எடைபோட வேண்டியவர்களாக நாம் இருப்பதால், இதன் உட்பொருளை விளங்கிக்கொள்வது அவசியமாகின்றது.

முதலில் இதன் செய்முறையை நோக்குவோம். 2018ஆம் ஆண்டு முதல் பரவலாகப் பயன்பட்டு வந்த டீப்பேஸ்லாப் என்னும் மென்பொருளையே உதாரணமாகக் கொள்ளலாம். அது காணொளியின் ஒவ்வொரு படச்சட்டத்திலும் முகத்தைத் தேடி, அதன் மீது அடையாளப் புள்ளிகளைக் குறிக்கின்றது. வழக்கமான முறையில் இப்புள்ளிகள் 68 ஆகும். தாடையின் விளிம்பில் 17, புருவங்களில் 10, மூக்கில் 9, கண்களில் 12, வாயில் 20 என அவை பரந்துள்ளன. இப்புள்ளிகளைக் கொண்டு முகத்தை நேராக்கி, ஒரு சதுரமாக வெட்டியெடுத்து, அச்சதுரங்களைக் கொண்டே கணினி இரு முகங்களையும் பயில்கின்றது.

இங்கு ஒன்றை உற்றுக் கவனிக்க வேண்டும். அந்த 68 புள்ளிகளுள் ஒன்றேனும் நெற்றியில் இல்லை. புருவத்திற்கு மேலே உள்ளது எதுவென்று இயந்திரத்திற்குத் தெரியாது. அது ஊகித்தே நீட்டிக் கொள்கின்றது. நெற்றியில் விழும் கூந்தல், தொப்பியின் விளிம்பு, முக்காட்டின் ஓரம் ஆகியவற்றை முகத்திலிருந்து பிரித்துக் காட்ட, சில படச்சட்டங்களில் மனிதர் ஒருவர் கையாலேயே எல்லை வரைந்து கொடுத்து, அதனை இயந்திரத்திற்குப் பழக்க வேண்டும். ஆகவே நெற்றியைச் சேர்ப்பதென்பது உழைப்பைப் பெருக்கும் காரியமாகும். அவசரமாகச் செய்யப்படும் போலிகள் பெரும்பாலும் நெற்றியை விட்டுவிடுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் கணக்கு சம்பந்தப்பட்டது. கணினி பயிலும் சதுரத்தின் அளவு பக்கத்திற்கு 256 படப்புள்ளிகள் என வைத்துக்கொள்வோம். இறுக்கமான வெட்டு முகத்தில் 12 சென்ரிமீற்றர் பரப்பை அடக்குமாயின், ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 21 படப்புள்ளிகள் கிடைக்கும். 3 சென்ரிமீற்றர் அகலமான ஒரு கண்ணுக்கு 64 புள்ளிகள். நெற்றியையும் நாடியையும் சேர்த்து அதே சதுரத்தில் 18 சென்ரிமீற்றரை அடக்கினால், அதே கண்ணுக்குக் கிடைப்பது சுமார் 43 புள்ளிகளே. இமைமயிரும் பற்களின் இடைவெளியும் மங்கிப் போகும். பழைய தெளிவை மீட்க வேண்டுமாயின் சதுரத்தின் பக்கத்தை 384 ஆக உயர்த்த வேண்டும். அப்போது கணினி கையாள வேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டேகால் மடங்காகின்றது. இறுக்கமாக வெட்டினால் கண்ணும் வாயும் தெளிவு பெறும். விரித்து வெட்டினால் ஆளின் தோற்றம் நிறைவு பெறும். ஒன்றைப் பெற மற்றொன்றில் விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

அவ்வாறாயின் கண்ணும் மூக்கும் வாயும் தெளிவாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே காட்டியுள்ளனர். 1996இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா, ரொமாசோ பொஜியோ ஆகிய இருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு படத்தை வெளியிட்டனர். அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனும் உப ஜனாதிபதி அல் கோரும் அருகருகே நிற்பதாகவே பார்த்தவர்கள் எண்ணினர். உண்மையில் அல் கோரின் தலையில் கிளின்டனின் கண், மூக்கு, வாய் ஆகியன ஒட்டப்பட்டிருந்தன. கேசமும் தலையின் புறவடிவமும் அவர் நின்ற இடமும் சேர்ந்து, முகத்தின் நடுப்பகுதி கூறிய உண்மையை மறைத்துவிட்டன. இறுக்கமான வெட்டு செய்வதும் இதனையே. அது ஒருவரின் நடுமுகத்தை மற்றவரின் தலைக்குள் வைக்கின்றது; பார்ப்பவருக்கு அவ்விருவருமல்லாத மூன்றாமவர் ஒருவரே தோன்றுகின்றார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1979இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் எலிஸும் அவரது சகாக்களும் செய்த ஆய்வின்படி, நன்கு பழகிய முகங்களை நாம் கண், மூக்கு, வாய் ஆகிய உட்கூறுகளைக் கொண்டே பெரிதும் அடையாளம் காண்கின்றோம். பழக்கமில்லாத முகங்களிலோ கேசம், தாடை போன்ற வெளிக்கூறுகளும் உட்கூறுகளுக்கு இணையாகவே உதவுகின்றன. சுவரொட்டியில் மட்டும் கண்டறிந்த வேட்பாளரை நாம் தலைவாரலையும் தாடையின் வடிவையும் கொண்டே நினைவில் வைத்திருக்கின்றோம் எனலாம். அவருடைய போலியைச் செய்பவன் நடுமுகத்தை விட வெளிவடிவில் கவனம் செலுத்தினால் அதுவே ஊரை நம்ப வைக்கப் போதுமானது.

2003இல் சின்ஹாவும் சகாக்களும் செய்த மற்றொரு ஆய்வு, பிரபலமானவர்களின் படங்களில் கண்களை அழித்தபோது ஏற்பட்ட தடுமாற்றத்தை விடப் புருவங்களை அழித்தபோது ஏற்பட்ட தடுமாற்றம் அதிகம் எனக் காட்டியது. இறுக்கமான வெட்டின் மேல் விளிம்பு செல்வது சரியாக அந்தப் புருவத்தின் ஊடாகத்தான். விளிம்பு சற்றுத் தாழ்ந்தால் அடையாளத்தின் மிக முக்கியமான கூறு வெளியே போய்விடுகின்றது. அல்லது உடலுக்குரியவரின் புருவமும் ஒட்டப்பட்ட புருவமும் சேர்ந்து இரட்டையாகத் தெரிகின்றன.

விரிந்த வெட்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2021ஆம் ஆண்டில் டிக்டொக்கில் வெளியான ரொம் குரூஸ் காணொளிகள் தக்க சான்றாகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ் உமே அவற்றைத் தயாரித்தார். ஆயினும் முகத்தை மாற்றும் திறமை மட்டும் அதற்குக் காரணமன்று. உடலைத் தந்த நடிகர் மைல்ஸ் பிஷர், குரூஸின் தோற்றத்தையும் குரலையும் நடையுடை பாவனையையும் ஏற்கெனவே ஒத்தவர். கேசமும் தலையின் வடிவமும் கழுத்தும் அவருடையவை. எவ்வளவு விரித்து வெட்டினாலும் தலையின் புறவடிவம் உடலுக்குரியவருடையதாகவே எஞ்சும் என்பதால், பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிப்பதே வேலையில் பாதியாகி விடுகின்றது.

எமது சமூகங்களில் இவ்விடயம் தனியான வடிவம் பெறுகின்றது. நெற்றியில் திருநீறு தரித்த ஒருவரின் உடலில் இறுக்கமான வெட்டு ஒட்டப்பட்டால் திருநீறு அவ்வாறே அசையாமல் இருக்கும்; அதன் கீழே உள்ள முகம் மட்டுமே மாறியிருக்கும். புருவங்களுக்கு இடையிலான பொட்டு வெட்டின் விளிம்பிலேயே விழுவதால் சில படச்சட்டங்களில் மங்கியும் சிலவற்றில் தெளிந்தும் துடிக்கும். தாடி வளர்த்தவரின் முகத்தில் வெட்டு தாடியின் நடுவே செல்கின்றது. மேற்பாதி ஒருவருடையது, கீழ்ப்பாதி மற்றவருடையது. நிறமும் அடர்த்தியும் அந்தக் கோட்டில் மாறும்.

பர்தா அணியும் பெண்களின் நிலை மேலும் கவலைக்குரியது. கேசம், காது, கழுத்து ஆகியன மறைந்திருப்பதால் போலியைக் காட்டிக் கொடுக்கும் வெளிக்கூறுகள் அங்கு இல்லை. துணியின் விளிம்பே வெட்டின் எல்லைக்கு இயற்கையான மறைப்பாகவும் அமைந்துவிடுகின்றது. இவர்களுடைய போலியை வெளியார் கண்டறிவது கடினம். நடுமுகத்தை நன்கறிந்த குடும்பத்தாரின் சொல்லே அங்கு நம்பத்தக்க சாட்சியாகும். அவதூறு ஒன்று பரவும்போது ஊர் முதலில் செவிகொடுக்க வேண்டியதும் அவர்களுக்கே.

ஐயத்திற்குரிய காணொளியை எவ்வாறு பார்ப்பது? வட்ஸ்அப்பில் கைமாறி வரும்போது காணொளி சுருக்கப்படுவதால் தோலின் நுண்மை, பற்களின் ஒழுங்கு போன்ற சிறு தடயங்கள் அழிந்துவிடுகின்றன. அவற்றைத் தேடுவதில் பயனில்லை. எஞ்சியிருப்பவை பெரிய வடிவங்களே. வாயை அகலத் திறக்கும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒட்டிய முகத்தின் நாடி குறுகியதாயின், அதன் கீழ் உடலுக்குரியவரின் நாடி நிழல்போல் நீட்டி நிற்கும். புருவம் உயரும்போது நெற்றிச் சுருக்கமும் உடன் எழுகின்றதா எனப் பாருங்கள். தலை பக்கவாட்டில் திரும்பும்போதும் கை முகத்தைக் கடக்கும்போதும் விளிம்பு நடுங்குகின்றதா எனப் பாருங்கள். பின்னர் அதே நபரின் ஐயமற்ற புகைப்படம் ஒன்றை, அதே கோணத்தில் எடுக்கப்பட்டதாகத் தேர்ந்து, புருவத்திலிருந்து மயிர் எல்லை வரையிலான உயரத்தையும் கீழுதட்டிலிருந்து நாடி வரையிலான நீளத்தையும் ஒப்பிடுங்கள்.

இவற்றிற்கும் ஓர் எல்லை உண்டு. தலை முழுவதையும் புதிதாக உருவாக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. அவற்றில் இத்தகைய விளிம்பே இராது. ஆகவே குறை காணப்பட்டால் அது போலி என ஐயுறலாமேயன்றி, குறை காணப்படாமையை உண்மைக்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. அவ்வேளையில் காணொளி முதன்முதலில் எங்கு, யாரால் வெளியிடப்பட்டது என்ற பழைய கேள்வியையே நாம் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு விடை கிடைக்கும் வரையிலாவது அதனை அடுத்தவருக்கு அனுப்பாதிருத்தல் நம் கையிலேயே உள்ளது.