சுமைக்கோட்டில் இயங்குபுள்ளியைக் கண்டறிதல்

டிரான்சிஸ்டர் பெருக்கிக்குச் சைகை வந்து சேரும் முன்பே கலெக்டரில் ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மின்னோட்டமும், அப்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே உள்ள மின்னழுத்தமும் சேர்ந்ததே இயங்குபுள்ளி. அதை விரும்பிய இடத்தில் நிறுத்துவது பயாசிங்.

தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் சுற்று ஒன்றில் 12 வோல்ட் மின்வழங்கி, கலெக்டரில் 2 கிலோஓம், பேஸில் 390 கிலோஓம் மின்தடைகள். எமிட்டர் நேராகத் தரையில். கலெக்டர் பக்கம் எப்போதும் பொருந்தும் சமன்பாடு இது:

VCE = 12 − IC × 2 kΩ

மின்னோட்டம் சுழி என்றால் மின்னழுத்தம் 12 வோல்ட். மின்னழுத்தம் சுழி என்றால் மின்னோட்டம் 6 மில்லிஆம்பியர். இவ்விரு முனைகளையும் இணைத்தால் சுமைக்கோடு. அதன் மேல் எந்த இடம் என்பதை இக்கோடு சொல்லாது. டிரான்சிஸ்டரின் சிறப்பியல்பு வளைகோடுகள்தாம் சொல்லும். அவற்றுள் உரியதைத் தேர்ந்தெடுக்கப் பேஸ் மின்னோட்டம் வேண்டும். பேஸ்–எமிட்டர் சந்தியில் 0.7 வோல்ட் போக, மீதி 11.3 வோல்ட்டை 390 கிலோஓமால் வகுத்தால் சுமார் 29 மைக்ரோஆம்பியர். 30 மைக்ரோஆம்பியர் வளைகோட்டுக்குச் சற்றுக் கீழே அதைக் கணித்து வரைய வேண்டும். மின்தடை கோட்டை மீற முடியாது, டிரான்சிஸ்டர் வளைகோட்டை மீற முடியாது. ஆகவே இரண்டும் வெட்டும் இடமே விடை. மின்னோட்டப் பெருக்கம் 100 என்றால் அது 2.9 மில்லிஆம்பியர், 6.2 வோல்ட். கோட்டின் நடுப்பகுதி என்பதால் சைகை இருபுறமும் ஏறக்குறைய சமமாக அசைய இடமுண்டு.

இனி பெருக்கம் 200 உள்ள டிரான்சிஸ்டரை அதே சுற்றில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதே கேள்வியின் உயிரான பகுதி. ஒரே எண் கொண்ட டிரான்சிஸ்டர்களிலேயே இவ்வளவு வேறுபாடு இயல்பு. சுமைக்கோடு அசையாது, பேஸ் மின்னோட்டமும் மாறாது. வளைகோடுகள் மட்டும் இரு மடங்கு உயரும். வெட்டும் புள்ளி 5.8 மில்லிஆம்பியருக்கு ஏறிவிடும், எஞ்சுவது 0.4 வோல்ட். தெவிட்டலை ஒட்டிய இந்நிலையில் கலெக்டர் மின்னழுத்தம் மேலும் இறங்க இடமில்லை. அலையின் கீழ்ப்பாதி தட்டையாக நறுக்கப்பட்டிருப்பதை அலைகாட்டியில் பார்க்கலாம்.

இதைத் தவிர்க்க, பேஸுக்கு மின்னழுத்தப் பகுப்பானும் எமிட்டரில் ஒரு மின்தடையும் சேர்ப்பார்கள். பேஸில் 2 வோல்ட், எமிட்டரில் 500 ஓம் என்றால் எமிட்டர் மின்னழுத்தம் 1.3 வோல்ட், மின்னோட்டம் சுமார் 2.6 மில்லிஆம்பியர். பெருக்கம் இரு மடங்கானாலும் இது பெரிதாக மாறாது. மாணவர்கள் மதிப்பெண் இழப்பது இங்கேதான்: பழைய கோட்டையே வரைந்துவிடுகிறார்கள். கலெக்டர் மின்னோட்டம் இப்போது இரு மின்தடைகள் வழியாகவும் பாய்கிறது. ஆகவே கோட்டின் மேல்முனை 12-ஐ 2.5 கிலோஓமால் வகுத்த 4.8 மில்லிஆம்பியர், இயங்குபுள்ளியின் மின்னழுத்தம் 5.5 வோல்ட்.