ஒரே ஒரு இணைப்பின் பலம்

செர்கெய் பிரினும் லாரி பேஜும் 1998இல் விளக்கிய பேஜ்ரேங்க் முறையை நான்கே பக்கங்களில் போட்டுப் பார்க்கலாம். 'அ' பக்கம் 'ஆ', 'இ' இரண்டுக்கும் இணைப்பு தருகிறது. 'ஆ'வும் 'ஈ'யும் 'இ'க்கு மட்டும். 'இ' திரும்ப 'அ'வுக்கு. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிடும்.

இந்தப் பங்குகளை அணியாக எழுதி, ஆளுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கித் திரும்பத் திரும்பப் பெருக்கினால், எண்கள் மெல்ல நிலைகொள்ளும்: அ 40, ஆ 20, இ 40, ஈ 0. அதுவே முதன்மை ஐகன் வெக்டர்.

மூன்று இணைப்பு வாங்கிய 'இ'யும் ஒன்றே வாங்கிய 'அ'வும் சமம்! 'இ' தன் மதிப்பு முழுவதையும் 'அ'வுக்கே கொடுத்துவிடுகிறதே. யாரும் சுட்டாத 'ஈ'க்குப் பூஜ்யம் என்பது கொஞ்சம் கொடுமைதான். 15 விழுக்காட்டை எல்லோருக்கும் பொதுவாகப் பிரித்தால் அதற்கும் 3.75 கிடைக்கும், 'இ' 39.4, 'அ' 37.3 என்று சமநிலையும் குலையும்.