ஸ்லட்ஜ் மிதந்தால் எந்த வால்வு?

அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்காகத் தமிழில் குறிப்பு எழுதுகிறவருக்குக் கலைச்சொல் பெரிய தலைவலி இல்லை. ஸ்லட்ஜ், ப்ளோயர், ஏரேஷன் டேங்க், கிளாரிஃபையர் என்று அங்கே எல்லோரும் சொல்வதை அப்படியே எழுதிவிடலாம். மாட்டிக்கொள்வது வேறிடத்தில். 'கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் மிதந்தால் ரிட்டர்னைக் கூட்டவும்' என்ற ஒற்றை வரி பொறியாளருக்குப் போதும். வால்வைத் திருப்புகிறவருக்குப் போதாது.

ரிட்டர்ன் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், காற்றடித்த கழிவுநீரில் அடியில் படிந்த ஸ்லட்ஜைக் கொட்டாமல் வைத்திருந்து, அதன்மேல் புதுக் கழிவுநீரை விட்டுப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் நடந்த சுத்திகரிப்பு மணிக்கணக்கில் முடிந்தது. அந்த ஸ்லட்ஜ் முழுக்க உயிருள்ள பாக்டீரியா. கிளாரிஃபையரில் படிவதை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்புவது அதற்காகத்தான்.

இனி மிதப்பது. அதற்குப் பல காரணம் உண்டு. அடிக்கடி குழப்புபவை இரண்டு. ஒரு லிட்டர் அளவு ஜாடியில் ஏரேஷன் டேங்க் தண்ணீரைப் பிடித்து அசையாமல் 30 நிமிடம் வைத்தால் பிரித்துவிடலாம். லிட்டருக்கு 3 கிராம் ஸ்லட்ஜ் இருக்கிற டேங்கில் அது 300 மில்லி கோட்டுக்கு இறங்கினால் நல்ல படிவு: கிராமுக்கு 100 மில்லி. 600-லேயே நின்றுவிட்டால் கிராமுக்கு 200. நூல் மாதிரியான பாக்டீரியா பெருகி ஸ்லட்ஜ் பொங்கிக் கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஜாடியை உடனே கொட்டிவிடக் கூடாது. குறிப்பில் இதைத் தனி வரியாகவே போட வேண்டும். 300-க்கு இறங்கியது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே வரலாம். குச்சியால் கிண்டினால் குமிழி விட்டு மறுபடி அடியில் உட்கார்ந்துவிடும். காற்றில்லாமல் அடியில் கிடந்த பாக்டீரியா, நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விட்டிருக்கிறது. இதற்குத்தான் ரிட்டர்னைக் கூட்டுவது: கிளாரிஃபையர் அடியில் ஸ்லட்ஜ் தேங்கவே கூடாது.

பொங்கிய ஸ்லட்ஜுக்கும் அதையே செய்து ரிட்டர்னை அளவுக்கு மீறித் திறந்தால், கிளாரிஃபையருக்குள் வரத்து கூடி ஸ்லட்ஜ் விளிம்பைத் தாண்டி வெளியேறவும் கூடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது காற்று. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் மீட்டர் இல்லாத நிலையத்தில் பயனில்லை. குமிழி டேங்க் முழுக்க ஒரே சீராக வருகிறதா, ஒரு மூலை செத்துக் கிடக்கிறதா, நிறம் பழுப்பா கறுப்பா, மண்வாசனையா அழுகல் நாற்றமா என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஆனால் காற்று சரியாக இருந்தும் ஜாடியில் ஸ்லட்ஜ் இறங்கவில்லை என்றால் ஆபரேட்டர் வால்வைத் தொடாமல் பொறியாளரை அழைக்க வேண்டும். அந்த எண்ணையும் குறிப்பிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.