சிவப்பு நூல் வெளிறினால்

காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் சிவப்பு நூல் வெளிறித் தெரிகிறது. பச்சையும் பழுப்பும் குழம்புகின்றன. கண்ணில் வலியில்லை. வயதாகிறது என்று விட்டுவிடுகிறார்.

அவர் விழுங்கும் கூட்டு மாத்திரையில் எத்தாம்பியூட்டால் இருக்கிறது. சிலருக்கு அது, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்பைப் பாதிக்கும். பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குப் பிறகு, இரு கண்களிலும் தெரியவரும். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

தொடக்கத்தில் மருத்துவர் கண்ணுக்குள் பார்த்தாலும் நரம்பு இயல்பாகவே தெரியலாம். அதனால்தான் எழுத்துப் பலகையோடு, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டையையும் காட்டுகிறார்கள். சிகிச்சை தொடங்கும்போதே இதைச் செய்து குறித்துவைத்தால்தான், பிறகு மாதந்தோறும் ஒப்பிட முடியும். வீட்டிலும் ஒவ்வொரு கண்ணாக மூடி, அதே காலண்டரைப் பார்க்கலாம்.

மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் எத்தாம்பியூட்டாலை மட்டும் நிறுத்தி, மற்ற மருந்துகள் தொடர வழிசெய்வார். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் மீளும். தாமதித்தால் மீளாமலும் போகலாம். தாமாகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டால், காசநோய் மறுபடி தலைதூக்கும்.